முன்னிலையில் ஒரு காலைப் பொழுது

பேசுபவரைக் குறிப்பது தன்மை. கேட்பவரைக் குறிப்பது முன்னிலை. பேசப்படுவதைக் குறிப்பது படர்க்கை. நாம் படிக்கும் கதைகளுள் பெரும்பாலானவை படர்க்கையில் அமைந்தவை. தன்மையில் அமைந்தவையும் பல உண்டு. ‘நீ’ என்று தொடங்கி, முடிவு வரை ‘நீ’ என்றே சொல்லிச் செல்லும் கதைகள் மிகச் சில.

சங்க அகப்பாடல்களிலும் ‘நீ’ என்னும் விளிப்பு உண்டு. தோழி தலைவனிடம் பேசுவாள். தலைவி தன் நெஞ்சோடு பேசுவாள். அங்கே பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பது தெளிவாகத் தெரியும். முன்னிலைக் கதையில் பேசுபவர் மறைந்திருக்கிறார். கேட்பவரே கதைமாந்தர் ஆகிறார். படிப்பவர் தம்மை அறியாமலே அந்த இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறார்.

பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் புய்த்தோர் 1957இல் வெளியிட்ட நாவல் ஒன்று இம்முறைக்குப் பெயர்பெற்றது. பாரிசிலிருந்து ரோமுக்குத் தொடர்வண்டியில் செல்லும் ஒருவரின் பயணம் அது. அவரை நாவல் ‘நீங்கள்’ என்றே அழைக்கிறது. தமிழில் எழுதுபவர் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நீங்கள்’ மரியாதையானது, ஆனால் நிலைய அறிவிப்பைப் போல விலகி நிற்கும். ‘நீ’ என்பது தாயும் நண்பரும் அழைக்கும் சொல். நெருக்கமான குரலில் சிறிது சிறிதாக அச்சம் கலக்க வேண்டுமானால் ‘நீ’யே பொருந்தும்.

இனி, தாராவியில் நிகழும் சிறு கதை ஒன்றைக் காண்போம். அங்குப் பல குடியிருப்புகளில் குழாய் நீர் நாள் முழுதும் வருவதில்லை. சில மணி நேரமே வரும். பல வீடுகளின் மாடி அறைக்கு வெளியே சாய்த்த இரும்பு ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். கதை இவ்வாறு தொடங்குகிறது:

“நாள்தோறும் 4.30 மணிக்கு எழுவாய். ஏணியில் இறங்குவாய். அம்மா அரைத் தூக்கத்தில் வந்து உள்ளே தாழ்ப்பாள் இடுவாள். கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய பச்சைக் குடத்தைக் குழாயடி வரிசையில் வைப்பாய். தண்ணீர் பிடித்தபின், இட்லிக்காரப் பெரியம்மாவிடம் ஆறு இட்லி வாங்கிக்கொண்டு திரும்புவாய். கதவைத் தட்டுவாய். ‘யாரது?’ என்பாள் அம்மா. ‘நான்தான்’ என்பாய்.”

இப்பகுதியில் அச்சம் தருவது எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. படிப்பவர் ஒவ்வொரு செயலையும் ‘ஆம்’ என்று ஏற்றுக்கொள்வதே இங்கு வேண்டியது. அதற்குத் தமிழ் வினைமுற்று துணைசெய்கிறது. படர்க்கையில் ‘எழுவான்’ அல்லது ‘எழுவாள்’ என ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘எழுவாய்’ என்பதற்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. மாணவன் படித்தாலும் மாணவி படித்தாலும் அது தம்மையே குறிக்கும். ‘நீ’ என்பதை ஒவ்வொரு தொடரிலும் எழுத வேண்டியதும் இல்லை. ‘ஆய்’ என்னும் விகுதியே அதை உணர்த்திவிடும்.

அடுத்து, காலத்தைக் கவனிக்க வேண்டும். ‘எழுவாய்’ எதிர்கால வினைமுற்று. ஆயினும், ‘நாள்தோறும்’ என்ற சொல்லோடு வரும்போது அது வழக்கத்தைக் குறிக்கிறது. அந்தச் சொல்லை நீக்கி ‘இன்று’ என்று எழுதினால், அதே வினை இனி நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும். வினையின் வடிவம் மாறுவதில்லை; பொருள் மட்டும் மாறுகிறது. இக்கதை திரும்பும் இடம் அதுதான்:

“இன்றும் குடத்தோடு குழாயடிக்கு வருவாய். வரிசையில் ஒரு பச்சைக் குடம் இருக்கும். அதன் கழுத்திலும் சிவப்பு நூல் இருக்கும். ஒரே கடையில் வாங்கிய குடங்களாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வாய். இட்லிக்காரப் பெரியம்மா உன்னை ஏறிட்டுப் பார்த்து, ‘இப்பத்தானே ஆறு வாங்கிட்டுப் போனே?’ என்பார்.”

வழக்கத்தில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்துள்ளன. முதல் மாற்றத்திற்குக் கதைமாந்தரே காரணம் சொல்லிக்கொள்கிறார். படிப்பவரும் அதை ஏற்கிறார். இரண்டாவதற்குக் காரணம் சொல்லப்படவில்லை. இரண்டுமே முதற்பகுதியில் முன்பே வந்த பொருள்கள். புதிதாகப் பேயோ இருட்டோ கொண்டுவரப்படவில்லை. நூலும் ஆறு இட்லியும் தொடக்கத்தில் சொல்லப்படாமல் இருந்தால், இங்கு அவற்றால் எப்பயனும் விளையாது. கதை இவ்வாறு முடிகிறது:

“ஏணியேறிக் கதவைத் தட்டுவாய். ‘யாரது?’ என்பாள் அம்மா. ‘நான்தான்’ என்பாய். உள்ளே சற்று நேரம் பேச்சிருக்காது. பிறகு அம்மா, ‘யாரென்று போய்ப் பார்’ என்று யாரிடமோ சொல்வாள். தாழ்ப்பாளைத் திறக்க நீ எழுந்து வருவாய்.”

இறுதித் தொடரில் ‘நீ’ என்பது வெளியே நிற்பவரைக் குறிக்கவில்லை. உள்ளே இருப்பவரைக் குறிக்கிறது. குரல் மாறவில்லை, வினைவடிவமும் மாறவில்லை. அழைக்கப்படுபவர் மட்டுமே மாறிவிட்டார். இவ்வளவு நேரமும் தம்மோடு நெருக்கமாகப் பேசிய குரல் தம்மை விட்டுப் போய்விட்டதைப் படிப்பவர் உணர்கிறார். அதுவரை விகுதியாலேயே உணர்த்தப்பட்ட ‘நீ’, இங்குத்தான் முதன்முறையாக வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது.

இத்தகைய கதையை முடிவு வரை கொண்டுசெல்வதில் மூன்று இடங்களில் தவறு நேர்வதுண்டு. முதலாவது, உணர்ச்சியைச் சொல்லிவிடுவது. ‘நீ அச்சத்தால் நடுங்குவாய்’ என்று எழுதினால், ‘நான் நடுங்கவில்லையே’ என்று படிப்பவர் மனம் மறுத்துவிடும். செயலை ஏற்பவர் உணர்ச்சியை ஏற்பதில்லை. ஆகவே, செயலை மட்டும் சொல்லி, உணர்ச்சியைப் படிப்பவரிடமே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, ‘எழு, இறங்கு, தட்டு’ என ஏவலுக்கு மாறிவிடுவது. ஏவல் வந்ததும் கட்டளையிடும் ஒருவர் வெளிப்பட்டுவிடுவார். மறைந்திருந்த குரல் தன் வலிமையை இழக்கும்.

மூன்றாவது, ‘வாய், வாய்’ என்று ஒரே ஓசையில் தொடர்கள் முடிவது. ஒவ்வொரு வினைமுற்றின் கீழும் கோடிட்டுப் பார்த்தால் இக்குறை தெரியும். நான்கைந்து தொடர்கள் அடுத்தடுத்து அவ்வாறு முடிந்தால், ‘வாங்கிக்கொண்டு திரும்புவாய்’ என்பதுபோல் ஒரு செயலை வினையெச்சமாக்கலாம். அம்மா, குடம், பெரியம்மா ஆகியவற்றை எழுவாயாகக் கொண்ட தொடர்களை இடையிடையே அமைக்கலாம். மேற்கண்ட கதையில் இரண்டு முறைகளும் கையாளப்பட்டுள்ளன.

கதைக்கு முன்னிலை உண்மையிலேயே தேவைதானா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கதை முழுவதையும் படர்க்கைக்கு மாற்றிப் படிக்க வேண்டும். எதுவும் குறையவில்லை என்றால், அக்கதைக்கு முன்னிலை தேவையில்லை. இக்கதையின் இறுதித் தொடரை ‘தாழ்ப்பாளைத் திறக்க அவன் எழுந்து வருவான்’ என்று மாற்றினால், யாரோ இன்னொருவன் வருகிறான் என்றே தோன்றும்.

பயிற்சி

1. கதையின் முதற்பகுதியைப் படர்க்கைக்கு மாற்றி எழுதுக. ஆண், பெண் வேறுபாடு எத்தனை வினைமுற்றுகளில் வெளிப்படுகிறது எனக் கணக்கிடுக.

2. ‘எழுவாய்’ என்னும் சொல் வழக்கத்தையும், இனி நடப்பதையும், தொடரின் உறுப்பையும் குறிக்குமாறு மூன்று தொடர்கள் அமைக்க.

3. செம்பூர் அடுக்ககத்தில் ஏணியும் குழாயடி வரிசையும் இல்லை. அங்கோ, மாட்டுங்கா இரயில் நிலையத்திலோ நிகழும் ஒரு காலைப் பொழுதை முன்னிலையில் பத்துத் தொடர்களில் எழுதுக. பின்னர் மாறப்போகும் இரண்டு பொருள்கள் முதல் நான்கு தொடர்களுக்குள் இடம்பெற வேண்டும்.