எழுப்பிப் பாருங்கள்

வீட்டில் ஒருவர் தூக்க மாத்திரையைக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தால், எல்லோரும் முதலில் மாத்திரை அட்டையைத் தேடி, எத்தனை குறைகிறது என்று எண்ணுகிறார்கள். இரண்டோ மூன்றோ என்றால் மனசு ஆறிவிடுகிறது. 'அசதி, தூங்கட்டும் விடு' என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கை நம்ப முடியாது. ஒரே எண்ணிக்கை இளைஞர் ஒருவரை வெறுமனே தூங்க வைக்கும். முதியவர் ஒருவரின் மூச்சையே அடக்கிவிடவும் கூடும். எண்ணிக்கையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: எழுப்பினால் எழுகிறாரா, மூச்சு எப்படிப் போகிறது.

எண்ணிக்கை ஏமாற்றுவதற்குக் காரணங்கள் உண்டு. அல்பிரசோலம், குளோனசெபாம், டயஸெபாம் போன்றவை மூளையின் விழிப்பை மந்தப்படுத்துபவை. தனியாகச் சாப்பிடும்போது இவை மூச்சை முழுதாக நிறுத்துவது அரிது. ஆனால் மதுவோ, டிரமடால் போன்ற வலி மாத்திரையோ, நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபாலினோ சேர்ந்தால் ஒன்றின் மந்தம் மற்றதன்மேல் ஏறிக்கொள்கிறது. ஓபியாய்டு வகை வலி மருந்தையும் இந்த வகைத் தூக்க மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுவதன் ஆபத்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் தன் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. வயதானவர்களின் உடலில் மருந்து வெளியேறவும் நேரமாகும். குளோனசெபாமின் பாதி அளவு குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அதனால் நேற்றைய மாத்திரையின் மிச்சத்தோடு இன்றையது சேர்கிறது.

ஒரு கற்பனை வழக்கைப் பார்க்கலாம். 72 வயதுக்காரர் ஒருவர் வெகுநாளாக இரவு 9 மணிக்குக் குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு இன்னொரு மருத்துவர் மூன்று நாள் முன்பு டிரமடால் எழுதித் தந்திருக்கிறார். சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினும் இருக்கிறது. 11 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று, 9 மணிக்குச் சாப்பிட்டதை மறந்து இன்னொரு குளோனசெபாம் போட்டுக்கொள்கிறார். ஒரு மணிக்குப் பார்த்தால் பலத்த குறட்டை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் வருகிறது. இரண்டு மணிக்கு, தோளை உலுக்கினாலும் முனகல்தான். தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தம். மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினால் ஒன்பதுதான். அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இது 108க்கு உடனே போன் செய்ய வேண்டிய நிலை. ஒரு மணிக்கே செய்திருந்தாலும் தவறில்லை.

ஆகவே எழுப்பிப் பார்ப்பதை ஒரு முறையாகச் செய்ய வேண்டும். முதலில் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து, என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று பொருத்தமாகச் சொல்கிறாரா பாருங்கள். பேச்சு குழறுவதும், நடை தள்ளாடுவதும், பேசும்போதே கண் செருகுவதும் முதல் கட்டத்தின் அறிகுறிகள். இப்படி இருந்தால் தனியாக விடக்கூடாது, மருத்துவரின் ஆலோசனையும் உடனே வேண்டும். கூப்பிட்டு எழவில்லையென்றால் தோள்பட்டைத் தசையை அழுத்திக் கிள்ளிப் பாருங்கள். முனகிவிட்டு மறுபடி அமிழ்ந்தாலோ, அசையவே இல்லையென்றாலோ 108. பிறகு முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். 10க்குக் கீழே போனால், மூச்சுக்கு மூச்சு நெடிய இடைவெளி விழுந்தால், கொப்பளிக்கும் குறட்டை வந்தால், உதட்டின் உள்பக்கமோ நகக்கண்ணோ நீலம் பாய்ந்தால், காத்திருக்க வேண்டாம். ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பிவிடக்கூடாது. மருதாணி போட்ட விரலும் சில்லிட்ட விரலும் அதைத் தவறாகக் காட்ட வைக்கலாம். மூச்சு குறைந்த பிறகும் சிறிது நேரம் எண் நன்றாகவே இருக்கலாம்.

'தூங்கித் தூங்கியே மருந்து இறங்கிவிடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. பல நேரங்களில் இறங்கிவிடும் என்பது உண்மைதான். அந்த நம்பிக்கைதான் ஆபத்தும். மருந்து உச்சத்துக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னே சரிந்தாலோ, வாந்தி நுரையீரலுக்குள் போனாலோ நிலைமை சில நிமிடங்களில் மாறிவிடும். 'இது பக்கவாதமோ, சர்க்கரை குறைந்ததோ ஆக இருக்கலாமே' என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதுவும் சீக்கிரம் அழைக்கவே சொல்கிறது. ஏனென்றால் மூன்றுக்கும் வீட்டில் காத்திருப்பது தீர்வாகாது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் பார்த்து வைக்கலாம், ஆனால் அதற்காக அழைப்பைத் தள்ளிப்போடக்கூடாது. உப்புத் தண்ணீர், மோர், புளித்தண்ணீர், காபி கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடவே கூடாது. விழுங்கும் அனிச்சை மங்கியவருக்கு வாயில் ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

108இல் பேசும்போது வயது, எந்த மாத்திரை, எப்போது, வேறு என்ன மருந்து அல்லது மது, இப்போது எழுகிறாரா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை, மூச்சு இருக்கும்போது, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே பின்னே சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு வையுங்கள். மூச்சே இல்லையென்றால், 108இல் பேசுபவர் சொல்லித் தரும்படி மார்பை அழுத்தத் தொடங்குங்கள். காலியான அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இத்தகைய மருந்தை முறிக்கும் ஃபுளூமசெனில் என்ற ஊசி உண்டு. ஆனால் வெகுநாள் மாத்திரை சாப்பிட்டவருக்கு அது வலிப்பை வரவழைக்கலாம் என்பதால் மருத்துவர்கள் யோசித்தே தருவார்கள். பெரும்பாலும் சிகிச்சை என்பது மூச்சைக் காப்பாற்றிக்கொடுப்பதுதான். எந்த மருந்து, என்ன விளைவு என்று அறிய, தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். ஆனால் எழாதவரை வைத்துக்கொண்டு முதலில் அழைக்க வேண்டியது 108தான்.

பலரைத் தயங்க வைப்பது போலீஸ் கேஸ் பயம். வேண்டுமென்றே சாப்பிட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது உண்டு. அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க முடியாது. உயிரைக் காப்பாற்றும் கடமை சட்டச் சடங்குகளுக்கு முந்தையது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே முதலில் கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. முயற்சிக்கே தண்டனை தந்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மனம் நொந்து மாத்திரை எடுத்தவர் பிழைத்து வந்தபின் பேச, 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆபத்து கடந்துவிட்டால் பயந்துபோய் மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. வெகுநாள் பழகிய உடம்புக்குத் திடீர் நிறுத்தம் வலிப்பைக் கொண்டுவரலாம், அளவை மருத்துவர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டி, எது எதோடு சேரக்கூடாது என்று கேளுங்கள். இரவு மாத்திரையை அட்டையோடு தலைமாட்டில் வைக்காமல், அன்றன்றைக்கு உரியதை மட்டும் வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுத்தால், மறதியில் இரண்டாம் முறை சாப்பிட வழியே இருக்காது.