எங்கள் சிறிய விளக்கு ஏன் அணைந்தது?

விஞ்ஞானக் கண்காட்சிக்குச் சில நாட்கள் இருந்தபோது எங்கள் விளக்கு அணைந்துவிட்டது. உள்ளங்கையளவு சூரியப் படல் ஒன்று, மீள மின்னேற்றக்கூடிய மின்கலங்கள் மூன்று, அட்டையில் செய்த ஒரு மேசை விளக்கு. அவ்வளவுதான் எங்கள் மாதிரி. முதல் மூன்று இரவும் நன்றாக எரிந்தது. நான்காம் இரவு உம்மாவுக்குக் காட்டுவதற்காக ஆளியை அழுத்தினேன். மங்கலாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்து, சற்று நேரத்தில் அதுவும் போய்விட்டது. அதற்கான காரணத்தைத் தேடியபோதுதான் அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை உண்மையாகவே படித்தோம்.

முதலில் விளக்கின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படல் 6 வோல்ற்று வகை. நல்ல வெயிலில் அதிகபட்சம் 100 மில்லி அம்பியர் மின்னோட்டம் தரும். மின்கலங்கள் நிக்கல் உலோக ஐதரைட்டு வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று என்பதால் மூன்றையும் தொடராக இணைக்கும்போது 3.6 வோல்ற்று கிடைக்கும். அவற்றின் கொள்ளளவு 1000 மில்லி அம்பியர் மணி. வெளிச்சத்துக்கு மூன்று வெள்ளை எல்.ஈ.டி.க்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 47 ஓம் தடையி ஒன்றை வைத்தோம். எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ற்று போதும். மின்னேற்றிய கலத்தொகுதி 3.7 வோல்ற்று தரும்போது மிகுதி 0.7 வோல்ற்றைத் தடையி எடுத்துக்கொள்கிறது. 0.7 ஐ 47 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 மில்லி அம்பியர். ஆகவே மூன்று எல்.ஈ.டி.க்களுக்கும் சேர்த்து 45 மில்லி அம்பியர் செலவாகிறது.

படலுக்கும் மின்கலத்துக்கும் இடையில் ஓர் இருவாயியும் இருக்கிறது. அது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். இரவில் மின்கலத்திலிருந்து படலுக்கு மின் திரும்பிக் கசியாமல் காப்பது அதன் வேலை. விளக்கு அணைந்தபோது அதைத் தலைகீழாகப் பூட்டிவிட்டோமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டோம். பார்த்தோம், சரியாகவே இருந்தது.

அடுத்துப் படலைச் சோதித்தோம். மழை வருமோ என்ற பயத்தில் அதை நாட்கணக்காக வகுப்பறைக்குள், ரியூப் லைட்டின் கீழேயே வைத்திருந்தோம். அதைத் தனியே கழற்றிப் பல்மானியை வைத்தபோது 4 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. "படல் வேலை செய்கிறதுதானே, மின்கலம்தான் பழுது" என்று முடிவு கட்டினோம். எங்கள் தவறு அந்த இடத்தில்தான் இருந்தது.

விஞ்ஞான ஆசிரியை பல்மானியை மில்லி அம்பியர் அளவீட்டுக்கு மாற்றி, படலுக்கும் மின்கலத்துக்கும் நடுவில் தொடராக இணைக்கச் சொன்னார். அளவு ஒரு மில்லி அம்பியரைக்கூடத் தொடவில்லை. அதே படலை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனதும் 80ஐத் தாண்டியது. குழாயைத் திறக்காமல் தாங்கியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பது போன்றது வோல்ற்றளவு. குழாயைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதே மின்னோட்டம். மங்கலான ஒளியிலும் படலின் வோல்ற்றளவு ஓரளவு நின்றுவிடும். மின்னோட்டமோ ஒளியின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும். வீட்டுக்குள் நமது கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிவது, நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் முதல் மூன்று இரவும் எப்படி எரிந்தது? மின்கலங்கள் கடையில் வாங்கும்போதே ஓரளவு மின்னேற்றத்துடன்தான் வருகின்றன. நாங்கள் சூரிய விளக்கு என்று பெருமைப்பட்டது, உண்மையில் கடையிலிருந்து வந்த மின்னில் எரிந்த விளக்கு! சூரியன் அதற்கு எதையும் கொடுத்திருக்கவில்லை. ஆகவே இப்படி ஒரு மாதிரி செய்பவர்கள் முதலில் மின்கலத்தை மங்கும்வரை எரித்துவிட்டு, அதன் பிறகு வெயிலில் வைத்துச் சோதிக்க வேண்டும். அப்போதுதான் எரிவது வெயிலா, கடை மின்னா என்று தெரியும்.

மறுநாள் நல்ல வெயில். படலை முற்றத்தில், நிழல் விழாத இடத்தில், ஏறத்தாழக் கிடையாக வைத்தோம். இலங்கையில் நண்பகற் சூரியன் பெரும்பாலும் தலைக்கு மேலேயே நிற்பதால் அதிகம் சாய்க்கத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மின்னோட்டத்தை அளந்து கொப்பியில் எழுதினோம். காலை 8 மணிக்கு 30 மில்லி அம்பியர், 10 மணிக்கு 65, நண்பகலில் 85, 2 மணிக்கு 70, 4 மணிக்கு 25. அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் சராசரியை எடுத்து 2 மணித்தியாலத்தால் பெருக்கிக் கூட்டினால் 495 மில்லி அம்பியர் மணி வருகிறது.

உள்ளே போனது முழுவதும் வெளியே வராது. மின்னேற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். 70 சதவீதம் மிஞ்சும் என்று எடுத்துக்கொண்டோம். அது 345 மில்லி அம்பியர் மணியளவு. அதை 45 ஆல் வகுத்தால் சுமார் ஏழரை மணித்தியாலம். அன்றிரவு விளக்கை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஆறரை மணித்தியாலம்வரை புத்தகம் வாசிக்க முடிந்தது. அதன் பிறகும் மெல்லிய வெளிச்சம் நின்றது, ஆனால் எழுத்துத் தெரியவில்லை. எனவே எங்கள் அட்டையில் "ஏழரை மணித்தியாலம் எரியும்" என்று எழுதாமல், "ஒரு நாள் வெயிலில் ஆறரை மணித்தியாலம் வாசிக்கலாம்" என்று எழுதினோம்.

அதற்கடுத்த நாள் வானம் மூடியிருந்தது. மின்னோட்டம் பகல் முழுவதும் 12 மில்லி அம்பியரைச் சுற்றியே நின்றது. எட்டு மணித்தியாலத்துக்கு 96. அதில் மிஞ்சுவது 67. அது ஒன்றரை மணித்தியால வெளிச்சத்துக்குத்தான் போதும். மின்கலம் ஒரு நாள் சேமிப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டியது இதனால்தான். வெயில் நாட்களின் மிச்சத்தை மழை நாட்களுக்கு அது வைத்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு விடயம். பழைய கைத்தொலைபேசியின் லிதியம் மின்கலத்தை இப்படி நேரடியாகப் படலோடு இணைக்க இடங்கொடுக்க வேண்டாம். அளவுக்கு மேல் மின்னேறினால் அது வீங்கித் தீப்பற்றக்கூடும். அதற்குத் தனியான கட்டுப்பாட்டுச் சுற்று தேவை. எங்கள் மின்கலங்களுக்கு அது தேவைப்படாததற்குக் காரணம், படல் தரும் அதிகபட்ச மின்னோட்டம் அவற்றின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாததே. அந்த மெதுவான வேகத்தில் சற்று அதிகமாக ஏறினாலும் அவை தாங்கிக்கொள்ளும். பெரிய படல் வாங்கிப் பூட்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லாமற் போய்விடும்.

கண்காட்சியன்று நடுவர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து, "மண்டபத்துக்குள் எரிகிறதே, இதற்கு இப்போது சூரியன் எங்கே?" என்று கேட்டார். நாங்கள் கொப்பியைத் திறந்து நேற்றைய பக்கத்தைக் காட்டினோம்.