எந்த ஆப் உங்களை அதிகம் கூப்பிடுகிறது?

போனுக்கு நாள் முழுக்க வரும் நோட்டிஃபிகேஷன்களுக்குப் போனே கணக்கு எழுதி வைக்கிறது. எந்த ஆப் இன்று எத்தனை முறை கூப்பிட்டது, நேற்று எத்தனை முறை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் Settings-க்குள் போய் Digital Wellbeing & parental controls என்பதைத் திறந்தால் ஒரு வட்டம் தெரியும். அதைத் தொட்டால் அன்றைய பயன்பாட்டு நேரம் வரும். மேலே Screen time என்று இருப்பதை மறுபடி தொட்டால் Notifications received, Times opened என்று இன்னும் இரண்டு கணக்குகள் விரியும். போனுக்குப் போன் இந்தத் திரை கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் சரக்கு இதுதான். ஐபோனில் Settings, Screen Time, See All App & Website Activity என்று போய்க் கடைசிவரை தள்ளினால் Notifications என்ற பட்டியல் வரும். இரண்டுமே 2018-இல் வந்த வசதிகள்.

பெரும்பாலான போன்களில் முதலிடத்தில் வாட்ஸ்அப் இருக்கும். அதைக் கண்டதும் வாட்ஸ்அப்பை அடக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஓர் ஆப் எத்தனை முறை கூப்பிட்டது என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்திலேயே இருக்கும் Times opened எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறையக் கூப்பிட்டு, நீங்களும் நிறையத் திறக்கும் ஆப் ஒரு ரகம். நிறையக் கூப்பிட்டும் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஆப் இன்னொரு ரகம். கத்தரியை முதலில் வைக்க வேண்டியது இரண்டாவதில்தான்.

ஆசிரியையாக இருக்கும் என் அக்காவின் ஆண்ட்ராய்டு போனில் ஒரு வேலைநாள் கணக்கை எடுத்துப் பார்த்தோம். வாட்ஸ்அப் 126 முறை கூப்பிட்டிருந்தது, அவர் 41 முறை திறந்திருந்தார். அடுத்த இடத்தில் குரோம் இருந்தது. 38 நோட்டிஃபிகேஷன், திறந்தது மூன்றே முறை. ஒரு ஷாப்பிங் ஆப் 17 முறை கூப்பிட்டிருந்தது, அதை அவர் அன்று தொடவே இல்லை.

“குரோம்ல நான் எப்பவாவதுதான் ஏதாவது தேடுவேன். அது எதுக்குடா என்னைக் கூப்பிடுது?” என்று கேட்டார்.

கூப்பிட்டது குரோம் இல்லை, அதன் வழியாக வந்த இணையதளங்கள். ஏதோ ஒரு செய்தித்தளத்தையோ ரிசல்ட் பார்க்கும் தளத்தையோ திறந்தபோது, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அதை விலக்கும் அவசரத்தில் Allow-வைத் தொட்டிருப்பார். அன்றிலிருந்து அந்தத் தளம் மூடியிருந்தாலும் செய்தி அனுப்பலாம். “உங்கள் போனில் வைரஸ்”, “பரிசு விழுந்திருக்கிறது” என்று வரும் மோசடி அறிவிப்புகளில் நிறைய இந்த வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. அப்படி ஒன்று வந்தால் அதைத் திறக்காமல் உற்றுப் பாருங்கள். குரோம் என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் தளத்தின் முகவரி இருக்கும். போனில் வைரஸ் இருப்பதாக எந்த இணையதளமும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு Settings, Site settings, Notifications என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக நிற்கும். அக்கா போனில் இருந்தவற்றில் பாதியின் பெயரே அவருக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாக அனுமதியை எடுத்தோம். மேலே இருக்கும் பொது சுவிட்சையும் அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்கவே முடியாது. இணையத்தில் படிப்பது மட்டும் செய்கிறவர்களுக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை.

ஷாப்பிங் ஆப்பில் இப்படி ஒரேயடியாக அணைக்க முடியவில்லை. பார்சல் வருகிறது என்ற செய்தி வேண்டும், தள்ளுபடி அழைப்பு வேண்டாம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஆப்கள் தங்கள் நோட்டிஃபிகேஷன்களை வகைவகையாகப் பிரித்துக்கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வகையையும் நாம் தனியாக அணைக்கலாம். வந்திருக்கும் நோட்டிஃபிகேஷன் மேல் விரலை அழுத்திப் பிடித்து அமைப்புகளுக்குப் போனால் அந்த வகைகள் தெரியும். ஆஃபர் என்பதை அணைத்து, ஆர்டர் என்பதை விட்டுவிட்டோம். சில புதிய சாம்சங் போன்களில் வகைகள் மறைந்திருக்கும். அங்கே Settings, Notifications, Advanced settings-க்குள் Manage notification categories for each app என்பதை முதலில் இயக்க வேண்டும். ஐபோனில் இந்தப் பிரிவுகள் கிடையாது. அந்தந்த ஆப்பின் உள்ளேயே இருக்கும் அமைப்புகளில்தான் விளம்பரத்தை நிறுத்த வேண்டும்.

இதில் ஒரு தில்லுமுல்லும் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வகைக்குள் போட்டுவிடும் ஆப்கள் உண்டு, ஆர்டர் என்ற பெயரிலேயே விளம்பரத்தைத் தள்ளுபவையும் உண்டு. ஆஃபரை அணைத்த பிறகும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். அப்படிப்பட்ட ஆப்பை முழுக்க அணைத்துவிட்டு, ஆர்டர் போடும் நாளில் மட்டும் திறந்து பார்ப்பதே நல்லது. வாடிக்கையாளரை ஏமாற்றி உள்ளே வரும் ஆப்புக்கு அதற்கு மேல் சலுகை தர வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் குழுக்களை மட்டும் பார்த்தோம். தலைமை ஆசிரியர் சுற்றறிக்கை போடும் குழு அப்படியே இருக்கட்டும். காலை வணக்கப் படங்கள் குவியும் மூன்று குழுக்களை Mute செய்து, எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்ற மூன்றில் எப்போதும் என்பதைத் தேர்ந்தெடுத்தோம். செய்திகள் வந்து சேரும், ஒலிதான் வராது.

எஸ்எம்எஸ் ஆப்பில் கை வைக்க வேண்டாம். ஓடிபியும் வங்கிச் செய்தியும் அதில்தான் வருகின்றன. விளம்பர எஸ்எம்எஸ்களை அனுப்புநர் பெயரின் கடைசியில் இருக்கும் -P என்ற எழுத்தை வைத்து அடையாளம் காணலாம், 2025-இல் வந்த ஏற்பாடு அது. அவற்றை நிறுத்த START 0 என்று 1909 எண்ணுக்கு அனுப்பினால் போதும். வங்கி ஆப்பின் பணப் பரிமாற்ற அறிவிப்புகளை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போனால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தால்தான் இழப்பு உங்கள் தலையில் விழாது. அந்தத் தகவலைக் கவனிக்கவிடாமல் செய்வதுதான் மற்ற ஆப்களின் இரைச்சல் செய்யும் உண்மையான கெடுதல்.

ஒரு வாரம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒலியோடு வந்தது எது, சத்தமில்லாமல் வந்தது எது என்று இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. Silent என்று மாற்றிய ஆப்களும் அறிவிப்பை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், அதனால் எண் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். முழுக்க அணைத்தவை மட்டும் பட்டியலிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால், அப்டேட்டோடு புதிய வகை ஏதாவது சேர்ந்து, தானாகவே இயங்கும் நிலையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அக்காவின் போனில் குரோம் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் புதிதாக ஒரு விளையாட்டு ஆப் ஏறியிருந்தது, பையன் இறக்கியது. ஆண்ட்ராய்டு 13 முதல் புதிய ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்ப முதலில் அனுமதி கேட்டாக வேண்டும். “அனுமதி கேக்கறப்ப வேணாம்னு அழுத்து, வேணும்னா அப்புறம் குடுத்துக்கலாம்” என்று பையனுக்கு அக்காவே சொல்லிக்கொடுத்துவிட்டார்.