வைவாவுக்கு முன்னால் ஒரு வைவா

இறுதியாண்டு சிவில் மாணவர்கள் அதிகம் எடுக்கும் புராஜெக்ட்களில் ஒன்று, கான்கிரீட்டில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃபிளை ஆஷ், அதாவது அனல் மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பது. கலவை போட்டு, கியூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் உடைத்துப் பார்ப்பார்கள். வேலை சுத்தமாக முடிந்திருக்கும். ஆனால் எக்ஸ்டர்னல் கேட்கும் இரண்டாவது கேள்விக்கே பேச்சு தடுமாறும். செய்தவருக்குப் பழகிப்போன இடத்தில் அவருக்குச் சந்தேகமே வராது என்பதுதான் காரணம். அந்தச் சந்தேகம் பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு வரும்.

அதற்காகத்தான் மாதிரி வைவா. நான்கு பேர் போதும். ஒருவர் பத்து நிமிடம் பேச, இருவர் தேர்வாளர்களாகக் கேட்க, நான்காமவர் கேள்விகளைக் கேட்ட வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கேட்பவர்களில் ஒருவராவது வேறு தலைப்பில் புராஜெக்ட் செய்தவராக இருப்பது நல்லது. நடுவில் யாரும் சரியான பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. விவாதமெல்லாம் முடிந்த பிறகுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. எம்25 கலவையில் ஃபிளை ஆஷ் இல்லாத கியூப்கள் 28 நாளில் சராசரியாக 33.2 நியூட்டன் வலிமை காட்டின. 20 சதவீதம் சேர்த்தவை 30.8, 30 சதவீதம் சேர்த்தவை 26.9 காட்டின என்று வைத்துக்கொள்வோம். இவை சதுர மில்லிமீட்டருக்கான கணக்கு. அறிக்கையின் முடிவுரையில், ‘20 சதவீதமே மிகச் சிறந்த அளவு’ என்று ஒரு வரி.

தோழி கேட்கிறார்: “20-ல வலிமை குறைஞ்சுதானே இருக்கு? அப்போ ஒண்ணுமே சேர்க்காததுதானே சிறந்தது?”

“முந்தைய ஆய்வுகளிலும் அப்படித்தான் வந்திருக்கு மேடம்” என்பதுதான் பலருக்கும் முதலில் வரும் பதில். இது கேள்வியைத் தொடவே இல்லை. வலிமை ஏன் குறைந்தது, குறைந்தும் ஏன் 20-ஐத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு மேல் எதைச் சொல்ல முடியாது ஆகிய மூன்றும் பதிலில் வர வேண்டும். சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடுதான் ஃபிளை ஆஷில் உள்ள சிலிக்கா வினைபுரிந்து வலிமை தருகிறது. அது மெதுவாக நடப்பதால் 28 நாளில் முடிந்துவிடாது.

திருத்திய பதில் இப்படி அமையும்: “28 நாளில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைவுதான் மேடம். ஆனால் சிமென்ட் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகுது. சராசரி 25-க்கு மேலேயே நிற்குது. 56 நாள், 90 நாளில் வலிமை கூடும்னு எதிர்பார்க்கலாம், நாங்க அதைச் சோதிக்கலை.” கூடவே, முடிவுரையில் ‘மிகச் சிறந்த’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சோதித்த அளவுகளில் ஏற்கத்தக்க’ என்று எழுத வேண்டும்.

நல்ல பதில் அடுத்த கேள்வியையும் இழுத்துவரும். எம்25-க்கு, நியமவிலக்கம் 4 என்று கொண்டால், கலவை வடிவமைப்பின் இலக்குச் சராசரி 25 + 1.65 × 4, அதாவது 31.6. “30.8 அதைத் தொடலையே?” என்று யாராவது கேட்பார்கள். தொடவில்லை என்று ஒப்புக்கொள்வதே சரி. தளத்தில் பயன்படுத்துவதானால் தண்ணீர்–சிமென்ட் விகிதத்தைக் குறைத்து மீண்டும் கலவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் பதில் முழுமையாகும்.

சில கேள்விகள் அட்டவணையின் ஓர் எண்ணை மட்டும் குறிவைக்கும். “30.8 எப்படி வந்தது? மெஷின் என்ன காட்டுச்சு?” மெஷின் காட்டுவது கிலோநியூட்டன். மூன்று கியூப்களும் 738, 720, 621-ல் உடைந்திருந்தால், அவற்றை நியூட்டனாக மாற்றி 150 மில்லிமீட்டர் கியூபின் பரப்பான 22,500-ஆல் வகுக்க 32.8, 32.0, 27.6 கிடைக்கும், அவற்றின் சராசரிதான் 30.8. மூன்றாவது மட்டும் ஏன் தாழ்ந்தது என்பது உடனே வரும் கேள்வி. அது சராசரியிலிருந்து சுமார் 10 சதவீதம் விலகியிருக்கிறது, ஐ.எஸ். 456 அனுமதிப்பது 15 சதவீதம். லேப் நோட்டைத் திறந்து பார்த்தவருக்கே இந்தப் பதில் கைவசம் இருக்கும்.

இரண்டாவது சுற்றை வேறு நண்பர்களோடு வைக்க வேண்டும். பழைய ஆட்களுக்குப் பதில் மனப்பாடமாகியிருக்கும். இருந்தாலும், பல கட்டுமானத் தளங்களைப் பார்த்த எக்ஸ்டர்னலின் கேள்விகளை வகுப்புத் தோழர்களால் முழுதும் ஊகிக்க முடியாது. அறிக்கை ஏற்கெனவே பைண்டிங் ஆகிவிட்டிருந்தால், திருத்திய வரியை ஸ்லைடில் போட்டு, பேச்சின் தொடக்கத்திலேயே எந்தப் பக்கத்தில் என்ன மாற்றம் என்று தேர்வாளரிடம் சொல்லிவிடலாம்.