கடைச் சரக்கை எந்த விலைக்கு எழுதுவது?



மார்ச் 31 வந்தால் நம் கூட்டமைப்புக் கடையில் சரக்கு எண்ணும் வேலை தொடங்கிவிடும். இந்த வருடம் கடையில் விற்பனை பார்க்கும் அக்கா ஸ்டாக் லிஸ்ட் போட்டுக் கொடுத்தார். அதன்படி கடைக்கு ரூ.14,200 லாபம். அதில் ரூ.10,000-ஐ குழுக்களுக்குப் பங்காகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. கொடுப்பதற்கு முன்னால் லிஸ்ட்டைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் மூன்று பேரை அனுப்பினார்கள். நாங்கள் மூவரும் கடையில் விற்பனையிலோ கொள்முதலிலோ இல்லாதவர்கள்.

சரக்கு லிஸ்ட்டுக்கும் லாபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். வருட ஆரம்பத்தில் இருந்த சரக்கு, அதோடு வாங்கிய சரக்கு, இரண்டையும் கூட்டி மீதி இருப்பதைக் கழித்தால் விற்றுப்போன சரக்கின் அடக்கம் கிடைக்கும். விற்பனைப் பணத்தில் இந்த அடக்கமும் கடைச் செலவும் போக மிஞ்சுவதுதான் லாபம். ஆகவே மீதிச் சரக்கை 100 ரூபாய் கூட்டி எழுதினால் லாபமும் 100 ரூபாய் கூடிவிடும். ஆனால் பெட்டியில் அந்தப் பணம் இருக்காது. அதைப் பங்கு பிரித்தால் நாம் போட்ட முதலையே எடுத்துப் பிரிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்தோம். லிஸ்ட்டில் உள்ள 15 பொருளை எடுத்து அலமாரியில் இருக்கிறதா என்று எண்ணினோம். பிறகு அலமாரியிலிருந்து 15 பொருளை எடுத்து லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்த்தோம். முதல் வழியில் பார்த்தால் இல்லாததை எழுதியது தெரியும்; இரண்டாவது வழியில் பார்த்தால் இருப்பதை எழுதாமல் விட்டது தெரியும். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. சிக்கல் எல்லாம் விலையில்தான்.

எவர்சில்வர் டிபன் பாக்ஸ் 60 இருந்தது. ஒன்று ரூ.150 என்று போட்டு ரூ.9,000 எழுதியிருந்தார். கொள்முதல் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். வாங்கிய விலை ரூ.112. வேன் வாடகையைப் பங்கிட்டால் ஒன்றுக்கு ரூ.3. ஆக அடக்கம் ரூ.115. அக்கா விற்கிற விலையை எழுதிவிட்டார்! விற்காத பாக்ஸில் லாபம் எப்படி வரும்? 60 பாக்ஸுக்கு ரூ.6,900-தான் வரவேண்டும். இதில் ரூ.2,100 குறைந்தது. சரக்கு கடைக்கு வந்து சேரும் வரை ஆகும் செலவை அடக்கத்தில் சேர்க்கலாம். கடை வாடகை, சம்பளம் இவற்றைச் சேர்க்கக் கூடாது. பில்லில் தள்ளுபடி இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும்.

அடுத்து சுங்குடிச் சேலை. தீபாவளிக்கு வாங்கியதில் 40 மீதி. அடக்கம் ரூ.320 சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அடக்க விலைக்கு இப்போது போகுமா? இதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, ஏப்ரல் மாத விற்பனை பில்லைப் பார்ப்பதுதான். ஏப்ரலில் 5 சேலை விற்றிருந்தது, எல்லாமே ரூ.290-க்கு. ஊர் ஊராக எடுத்துப்போய் விற்றுத்தந்த சகோதரிக்குச் சேலைக்கு ரூ.10 கமிஷன். ஆக நம் கைக்கு வருவது ரூ.280. இதைத்தான் ஆடிட்டர்கள் ‘நெட் ரியலைசபிள் வேல்யூ’ என்கிறார்கள். நாங்கள் ‘கைக்கு வரும் விலை’ என்று சொல்லிக்கொண்டோம். அடக்கம், கைக்கு வரும் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் லிஸ்ட்டில் எழுத வேண்டும். இதுதான் கணக்கு விதி.

ஐந்து சேலையை வைத்து 40-க்கும் முடிவு செய்யலாமா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. அந்த ஐந்தும் கறைபட்டதாகவோ ஒரு நாள் சலுகையில் போனதாகவோ இருந்தால் செய்யக் கூடாது. விசாரித்தோம். நல்ல சேலைதான், வெவ்வேறு நாளில் விற்றது, ரூ.290-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதனால் சேலைக்கு ரூ.40 வீதம் ரூ.1,600 குறைத்தோம்.

அப்போது ஒரு சகோதரி, “நைட்டி 30 இருக்கே, 180-க்கு வாங்கி 240-க்கு விக்கிறோம். அதுல வர்ற 1,800 சேலை நஷ்டத்தை ஈடு கட்டிடுமே?” என்றார். நியாயமாகத்தான் படும். ஆனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். நைட்டி லாபம் விற்ற பிறகு வரும். சேலை நஷ்டம் இப்போதே தெரிந்துவிட்டது. ஒன்றில் ஒன்றைக் கழித்தால் நஷ்டம் மறைந்து போகும்.

மூன்றாவது, கவரிங் தோடு செட். 100 இருந்தது, அடக்கம் ரூ.60, மொத்தம் ரூ.6,000. பெட்டியில் தூசி படிந்திருந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டினோம். இரண்டு வருடத்துக்கு முன் 150 வாங்கியது. முதல் வருடம் 38 விற்றது, போன வருடம் 12-தான். இந்தக் கணக்கில் போனால் 100 செட் விற்க எட்டு வருடம் ஆகும்! இதுதான் தூங்கும் சரக்கு. “ஒரு வருடம் தாண்டினால் பாதி விலை” என்று பொதுவாக ஒரு விகிதம் வைப்பது உண்டு. அந்த விகிதம் நம் கடைக்குப் பொருந்துகிறதா என்று பழைய அனுபவத்தை வைத்துப் பார்க்க வேண்டும். போன வருடம் கோயில் திருவிழாவில் இதே மாதிரி பழைய தோடு 20 செட் தள்ளிவிட்டோம். கடை வாடகை போக ஒன்றுக்கு ரூ.25 கிடைத்தது. வழக்கமான விலையில் இன்னும் 12 போகும் என்று வைத்துக்கொண்டோம். மீதி 88-க்கு ரூ.25-தான் வரும். செட்டுக்கு ரூ.35 வீதம் ரூ.3,080 ஒதுக்கீடு வைத்தோம்.

ஒதுக்கீடு என்றால் தோட்டைத் தூக்கி எறிவது இல்லை. ரிஜிஸ்டரில் 100 செட் அப்படியே இருக்கும். மதிப்பு மட்டும் குறையும். அடுத்த மார்ச்சில் மறுபடி புதிதாகப் பார்ப்போம். நன்றாக விற்றால் ஒதுக்கீடு தேவைப்படாமல் போகும். ஆனால் எந்தக் காலத்திலும் அடக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது.

கடைசியாக, மனசுக்குக் கஷ்டமானது. நம் குழு ஒன்று தயாரித்த சத்துமாவு 40 பாக்கெட், ரூ.45 வீதம் ரூ.1,800. பாக்கெட்டில் தேதி பிப்ரவரியோடு முடிந்திருந்தது. “நம்ம பிள்ளைங்க செஞ்சது, எப்படி சைபர்னு எழுதறது?” என்று தயங்கினோம். ஆனால் காலாவதியான உணவை விற்பது சட்டப்படி குற்றம். விற்க முடியாத பொருளுக்குக் கைக்கு வரும் விலை ஏது? திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அந்தத் தொகையைப் போடலாம். நமக்கு அப்படி இல்லை. சைபர்தான் எழுதினோம், பாக்கெட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம்.

கூட்டிப் பாருங்கள். 2,100 + 1,600 + 3,080 + 1,800 = ரூ.8,580. அதைக் கழித்தால் உண்மையான லாபம் ரூ.5,620. பத்தாயிரம் பிரித்திருந்தால் ரூ.4,380 நம் முதலிலிருந்து போயிருக்கும். கூட்டத்தில் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் இந்த வருடம் பங்கு வேண்டாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் கடையிலும் லிஸ்ட் வந்தவுடன் மூன்று தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கொள்முதல் பில், ஏப்ரல் விற்பனை பில், கடைசியாக எப்போது விற்றது என்று காட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டர். லிஸ்ட்டில் உள்ள விலை இந்த மூன்றுக்கும் ஒத்துப்போனால் பங்கைப் பற்றிப் பேசலாம்.