தேநீர்க் கடையை விலைக்கு வாங்குமுன்

அண்மையில் எங்கள் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். தனியார் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்து விலகியவர். கையில் சேமநிதித் தொகை 2 லட்சம் ரூபாய் இருந்தது. தொழிற்பேட்டைச் சாலையில் நன்கு நடந்துவரும் தேநீர்க் கடை ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், தாமும் மனைவியும் சேர்ந்து அதை நடத்த விரும்புவதாகவும் கூறினார்.

விற்பவர் சொன்ன கணக்கு இது: “நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வியாபாரம். செலவெல்லாம் போக 1,500 ரூபாய் கையில் நிற்கும். கடைக்கு 3,50,000 ரூபாய் கொடுங்கள். இட உரிமையாளரிடம் உள்ள 1 லட்சம் முன்பணம் தனி.” நாளுக்கு 1,500 என்றால் மாதம் 45,000 ஆகிறது, எட்டே மாதங்களில் விலை திரும்பிவிடும் என்று வாடிக்கையாளர் நம்பினார். தம்மிடமுள்ள 2 லட்சத்துடன் வங்கிக் கடன் 2,50,000 கிடைத்தால் போதும் என்றார்.

அவருடன் அமர்ந்து இக்கணக்கை நாங்கள் படிப்படியாகச் சரிபார்த்தோம். சிறு கடையை வாங்கவோ விற்கவோ எண்ணும் பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே விளக்குகிறோம். தொகைகள் அந்த ஒரு கடைக்கு உரியவை. முறை எல்லாக் கடைகளுக்கும் பொதுவானது.

விற்பனையைப் பால் சொல்லும்

தேநீர்க் கடையில் பெரும்பாலும் விற்பனைச் சீட்டு போடுவதில்லை. ஆனால் பால் வாங்கியதற்குக் கணக்கு உண்டு. ஆகவே கடைசி ஆறு மாதப் பால் கணக்கைக் கேட்டு வாங்குமாறு கூறினோம். கடைசி ஒரு மாதக் கணக்கு மட்டும் போதாது. விற்க முடிவு செய்தபின் கொள்முதலைக் கூட்டிக் காட்டுவது எளிது.

வேலை நாள்களில் 20 லிட்டரும், தொழிற்பேட்டை ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக் கிழமைகளில் 10 லிட்டரும் பால் வாங்கப்பட்டிருந்தன. ஒரு லிட்டருக்கு எத்தனை குவளை என்பது கடைக்குக் கடை மாறும்; பாலில் சேர்க்கும் நீரும் குவளையின் அளவும் அதைத் தீர்மானிக்கின்றன. வாடிக்கையாளர் ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக் கிழமையும் கடையில் அமர்ந்து எண்ணினார். சராசரியாக லிட்டருக்கு 15 குவளைகள் வந்தன. குவளை 12 ரூபாய் வீதம், வேலை நாளில் 300 குவளைக்கு 3,600 ரூபாய். வடை, பிஸ்கட் முதலியவை 1,400 ரூபாய். ஆக 5,000 ரூபாய். ஞாயிறன்று இரண்டும் சேர்த்து 2,500 ரூபாய்தான்.

விற்பவர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டியதில்லை. நல்ல நாள் ஒன்றின் விற்பனையை எல்லா நாளுக்கும் உரியதாகச் சொல்வது வணிகர் இயல்பு. 26 வேலை நாள்களையும் 4 ஞாயிறுகளையும் சேர்த்தால் மாத விற்பனை 1,40,000 ரூபாய். அவர் சொன்னபடி பார்த்தால் 1,80,000 ஆகியிருக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு சான்றும் இருந்தது. உணவுப் பொருளைப் பரிமாறும் கடைகள், பெரும்பாலான மாநிலங்களில், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும். அவர் கூறிய விற்பனை ஆண்டுக்கு 21,60,000 ரூபாய். அவரிடமோ பதிவு இல்லை. ஒன்று விற்பனை அவ்வளவு இல்லை. அல்லது வரி தொடர்பான சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. இரண்டில் எதுவாயினும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டியதே.

மாதச் செலவு

1,40,000 ரூபாய் விற்பனைக்கு ஆகும் மாதச் செலவைப் பட்டியலிட்டோம்.

பால் 560 லிட்டர், லிட்டர் 60 ரூபாய் வீதம்: 33,600
தேயிலைத் தூள், சர்க்கரை, இஞ்சி முதலியன: 11,000
வடை, பிஸ்கட் கொள்முதல்: 29,000
எரிவாயு உருளைகள்: 9,000
வாடகை: 10,000
மின்சாரம், தண்ணீர்: 2,000
உதவியாள் ஒருவர் கூலி: 9,000
காகிதக் குவளை, உடைசல், வீணானவை: 2,400

மொத்தம் 1,06,000 ரூபாய். மீதம் 34,000 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,130 ரூபாய். இதைத்தான் விற்பவர் ‘லாபம்’ என்று அழைத்தார். வாங்குபவர்கள் மிகுதியும் தவறுவது இந்த இடத்தில்தான்.

லாபத்தில் மறைந்திருக்கும் கூலி

அந்தக் கடையில் உரிமையாளர் விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார். இரவு எட்டு மணிக்குக் கடையைக் கட்டுகிறார். தேநீர் போடுபவர் அவரே. அவர் மனைவி நாள்தோறும் சில மணி நேரம் கல்லாவில் அமர்கிறார். இருவருக்கும் சம்பளம் என்று எதுவும் எழுதப்படவில்லை. அது எழுதப்படாததால்தான் 34,000 ரூபாயும் லாபமாகத் தோன்றுகிறது.

அவர்கள் இடத்தில் ஆள் வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பகுதியில் டீ மாஸ்டருக்கு நாள் கூலி 700 ரூபாய், மாதம் 21,000. கல்லாவைப் பகுதி நேரம் கவனிப்பவருக்கு 5,000. இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய். இதைக் கழித்தால் கடை ஈட்டித் தருவது மாதம் 8,000 ரூபாய் மட்டுமே.

இந்த 26,000 ரூபாய் கடையின் விலையில் சேராது. அது நாளை வாங்குபவர் தம் உடலுழைப்பால் ஈட்டப்போவது. அதே உழைப்பை வேறு கடையில் கொடுத்தாலும் அந்தக் கூலி கிடைக்கும். தாம் செய்யப்போகும் வேலைக்கான கூலியை முன்கூட்டியே விற்பவருக்குக் கொடுப்பவர், வேலையை விலைக்கு வாங்குகிறார், கடையை வாங்கவில்லை.

சாதனங்களின் விலை

பாய்லர், எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கண்ணாடிப் பெட்டி, பாத்திரங்கள், மேசைகள் ஆகியவற்றை 1,60,000 ரூபாய்க்கு வாங்கியதாக விற்பவர் ரசீதுகளைக் காட்டினார். ரசீதிலுள்ள விலை இன்றைய மதிப்பாகாது. பழைய பொருள் விற்கும் கடையில் ஒவ்வொன்றும் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்ததில் 75,000 ரூபாய் வந்தது. பட்டியலில் இருந்த இன்னொரு குளிர்பதனப் பெட்டி, குளிர்பான நிறுவனம் தன் பானங்களை வைப்பதற்காகக் கொடுத்தது. அது விற்பவருக்குச் சொந்தமன்று. ஆகவே அதை நீக்கினோம்.

இச்சாதனங்கள் இன்னும் ஐந்தாண்டு உழைக்கும் என்று கொண்டால், தேய்மானத்துக்கு மாதம் 1,250 ரூபாய் ஒதுக்க வேண்டும். சாதனங்களில் 75,000, முன்பணத்தில் 1,00,000 என 1,75,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி கணக்கிட்டால் அதற்கு மாதம் 1,750. இரண்டையும் 8,000 ரூபாயிலிருந்து கழித்தால் 5,000 ரூபாய் மிஞ்சுகிறது. கடையின் இருப்பிடமும் பழகிய வாடிக்கையாளரும் சேர்ந்து ஈட்டித் தருவது இவ்வளவே. வணிகவியலில் ‘நற்பெயர்’ எனப்படுவதற்கு விலை வைக்க வேண்டியது இத்தொகையைக் கொண்டுதான்.

வாடகை ஒப்பந்தம்

எத்தனை மாத உபரியை நற்பெயரின் விலையாகத் தரலாம்? இதற்கு வாடகை ஒப்பந்தமே விடை சொல்லும். இக்கடையின் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் 22 மாதங்கள் மீதமிருந்தன. அதற்குப்பின் இட உரிமையாளர் இடத்தைக் காலி செய்யச் சொன்னால் நற்பெயரைத் தூக்கிக்கொண்டு போக இயலாது. எனவே 22 மாதங்களுக்குள், அதுவும் சற்று முன்கூட்டியே, கொடுத்த பணம் திரும்பிவிட வேண்டும். 12 முதல் 18 மாத உபரி, அதாவது 60,000 முதல் 90,000 ரூபாய் வரை தரலாம் என்று கணித்தோம். பல இடங்களில் வழக்கமாக உள்ள 11 மாத ஒப்பந்தமாக இருந்தால், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இதில் பாதியைக்கூடத் தர இயலாது.

வாடகையில் சிறு மாற்றமும் உபரியைப் பெரிதும் குறைத்துவிடும். ஆள் மாறுவதைக் காரணம் காட்டி இட உரிமையாளர் வாடகையை 10,000 ரூபாயிலிருந்து 13,000 ஆக்கினால், 5,000 ரூபாய் உபரி 2,000 ஆகச் சுருங்கும்; ஓராண்டு உபரி 60,000 ரூபாயிலிருந்து 24,000 ஆகும். ஆகவே விலை பேசுமுன் இட உரிமையாளரைச் சந்திப்பது இன்றியமையாதது. ஒப்பந்தத்தை அவர் வாங்குபவர் பெயருக்கு மாற்றுவாரா, வாடகை என்ன, முன்பணத்தை யாருக்குத் திருப்பித் தருவார் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும்.

விலையும் நிபந்தனைகளும்

சாதனங்கள் 75,000, நற்பெயர் 60,000 முதல் 90,000 வரை. ஆக, நியாயமான விலை 1,35,000 முதல் 1,65,000 ரூபாய் வரை. கடையிலுள்ள சரக்கை அன்றைய கொள்முதல் விலையில் தனியே எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் திரும்ப வரக்கூடியதாதலால் விலையில் சேராது. விற்பவரின் குறிப்பேட்டிலுள்ள கடன் பாக்கிகளை அவரே வசூலித்துக்கொள்ளட்டும்.

நற்பெயருக்கு விலை கொடுக்கும்போது, விற்பவர் அதே தெருவில் மீண்டும் கடை திறக்கமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். பொதுவாகத் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது. ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, நற்பெயரை விற்பவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என ஒப்புக்கொள்வதை, அந்த எல்லை நியாயமானதாக இருக்கும் அளவில், அனுமதிக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு விற்பவர் பெயரில் உள்ளது. வாங்குபவர் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும்.

கேட்ட விலைக்கு வாங்கியிருந்தால்

இறுதியாக, கடன் கொடுப்பவர்களாகிய நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் கணக்கையும் போட்டோம். 2,50,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். 34,000 ரூபாயில் அது போக மிஞ்சுவது 25,700. கணவன் மனைவி இருவருக்கும் உரிய கூலியான 26,000 ரூபாய்கூட முழுமையாகக் கைக்கு வராது. சேமநிதித் தொகை 2 லட்சத்துக்கு மூன்றாண்டும் ஒரு ரூபாய் வருமானம் இராது. பாய்லர் பழுதானால் செப்பனிடப் பணம் இராது. மழையில் பத்து நாள் விற்பனை குறைந்தால் தவணை தவறும்.

வாடிக்கையாளர் 1,60,000 ரூபாய்க்குக் கேட்டார். விற்பவர் 2,50,000 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. பேச்சு அத்துடன் நின்றது. சேமநிதித் தொகையை எங்கள் கிளையிலேயே ஓராண்டு வைப்பில் இட்டுவிட்டு, உறவினர் ஒருவரின் தேநீர்க் கடையில் இப்போது அவர் நாள் கூலிக்குத் தொழில் பழகி வருகிறார். வேறு கடை அமைந்தால் பால் கணக்குடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.