எந்தத் தேதியிலிருந்து?

"அன்பு வாடிக்கையாளர்களே, உங்கள் பேராதரவால் வளர்ந்து வரும் நாங்கள், இன்னும் சிறந்த சேவை தரும் நோக்கில் எங்கள் ரிட்டர்ன் பாலிசியில் சில மாற்றங்களைச் செய்துள்ளோம்…"

இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பக்கங்களில் இப்படித் தொடங்கும் கேப்ஷன்களைப் பார்த்திருப்பீர்கள். திரையில் படத்துக்குக் கீழே முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். மிச்சத்தைப் படிக்க more என்பதைத் தட்ட வேண்டும். அந்த இரண்டு வரியையும் பேராதரவே தின்றுவிட்டது. என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று தெரியாமலே பலரும் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

வீட்டிலிருந்து பருத்திச் சேலை விற்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். இதுவரை ஏழு நாள் ரிட்டர்ன் கொடுத்தார். தீபாவளி விற்பனைக்கு முன் அதை மூன்று நாளாக்க நினைக்கிறார். 2025 செப்டம்பர் 15 அன்று அவர் இப்படி எழுதலாம்:

"2025 அக்டோபர் 1 முதல் ரிட்டர்ன் நாள் குறைகிறது: 7 நாள் இனி 3 நாள்.

அக்டோபர் 1 முதல் பணம் கட்டும் ஆர்டர்களுக்கு மட்டும் இது பொருந்தும். செப்டம்பர் 30 வரை பணம் கட்டியவர்களுக்குப் பழைய 7 நாளே.

சேலை பிடிக்கவில்லையா? பார்சல் கைக்கு வந்த 3 நாளுக்குள் சொல்லுங்கள். பணம் திரும்ப வரும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு இனி உங்களுடையது.

கிழிசல், கறை, மாறி வந்த சேலை என்றால் முழுப் பணமும் கூரியர் செலவும் எங்கள் பொறுப்பு. இதில் மாற்றமில்லை.

ஏன்? ஏழாம் நாள் திரும்பி வருபவற்றில் சில, ஃபால்ஸ் தைத்து ஒருமுறை உடுத்தியவை. அவற்றைப் புதிது என்று இன்னொருவருக்கு விற்க முடியவில்லை. திரும்பி வரும் ஒவ்வொரு சேலைக்கும் போகவர இரண்டு கூரியர் செலவையும் நாங்களே ஏற்பது கட்டுப்படியாகவில்லை."

இதில் அதிகம் யோசித்து எழுத வேண்டியது தேதி. "அக்டோபர் 1 முதல்" என்று மட்டும் விட்டால் சண்டை வரும். செப்டம்பர் 29 அன்று பணம் கட்டியவருக்குப் பார்சல் அக்டோபர் 3 அன்று போய்ச் சேர்கிறது. அவருக்கு ஏழு நாளா, மூன்று நாளா? வாங்கும்போது ஏழு நாள் என்ற பேச்சை நம்பித்தான் பணம் கொடுத்தார்; ஆகவே ஏழு நாள்தான் நியாயம். "ஆர்டர் செய்த தேதி" என்று எழுதினாலும் ஓட்டை உண்டு. இந்த வியாபாரத்தில் "புக் பண்ணிக்கோங்க அக்கா" என்று ஒரு நாள் மெசேஜ் வரும், ஜிபேயில் பணம் இரண்டு நாள் கழித்து வரும். பணம் வந்த நாளுக்கு ரசீது இருக்கிறது. அதனால்தான் விதியை அதில் கட்டினோம். மூன்று நாளை எங்கிருந்து எண்ணுவது என்பது வேறு கேள்வி. அதற்குப் பார்சல் கைக்கு வந்த நாள்.

காரணம் விதியோடு பொருந்த வேண்டும். கூரியர் கட்டணம் ஏறியதால் நாளைக் குறைக்கிறோம் என்றால், மூன்றாம் நாள் வரும் பார்சலுக்கும் அதே கட்டணம்தானே என்று வாடிக்கையாளர் கேட்பார். இங்கே மாற்றம் இரண்டு. நாளுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று காரணமும் இரண்டு. "சில" என்ற சொல்லையும் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் நேர்மையாக வாங்கும் எல்லோரையும் திருடராக்கிவிடும்.

கேப்ஷனால் மாற்ற முடியாத ஒன்றும் உண்டு. பழுதான பொருளையோ, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். ஆகவே "பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் எதற்கும் ரிட்டர்ன் இல்லை" என்று எழுதிவிட்டதால் மட்டும் அந்தக் கடமை நீங்கிவிடாது. வீடியோ நல்ல சாட்சி, அவ்வளவே. புகார் உள்ளவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அறிவிப்பை ஸ்டோரியில் மட்டும் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பதிவாகப் போட்டு, பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைக்க வேண்டும். கேப்ஷனைப் பிறகு சத்தமில்லாமல் திருத்துவதும் ஆபத்து. பழையதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார். இன்னொரு மாற்றம் வந்தால் புதுப் பதிவு, புதுத் தேதி.

கடைசியில் பலரும் மறப்பது, விலை கேட்பவர்களுக்குத் தானாகப் போகும் மெசேஜை. கேப்ஷன் மூன்று நாள் என்று சொல்லிக்கொண்டிருக்க, அது அக்டோபர் பத்தாம் தேதியும் "7 நாள் ஈஸி ரிட்டர்ன்" என்றே பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்.